நோட்டீசுக்குப் பதில்: ரிட்டர்ன் தயாராகும்வரை காத்திருக்காதீர்கள்

அறப்பணிச் சங்கத்தின் வரிவிலக்குப் பதிவைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, தாக்கல் செய்யாமல் விட்டுப்போன ஐடிஆர்-7 வருமான வரி ரிட்டர்ன் பற்றி நோட்டீஸ் வந்தால், ரிட்டர்ன் தயாராகும்வரை சும்மா இருக்காமல் கெடுவுக்குள் வருமான வரி போர்ட்டலில் e-Proceedings போய் கையில் உள்ள ஆவணங்களை ஏற்றிவிடுங்கள், மீதிக்கு Seek Adjournment கொடுத்து அவகாசம் கேளுங்கள்.

ஏனென்றால் புதுப்பிப்பில் முக்கியமாகப் பார்ப்பது சங்கத்தின் நோக்கமும் செயல்பாடும் உண்மையா என்பதைத்தான். ரிட்டர்ன் விட்டுப்போனது முதலில் அந்த ஆண்டின் விலக்கைத்தான் பாதிக்கும், ஆனால் பதிலே போகாவிட்டால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். மண்டபம் ஊரில் மீனவப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கட்டும் சங்கம் என்றால், பள்ளி ரசீது, அதே தொகை தெரியும் வங்கிப் பக்கம், தணிக்கைக் கணக்கு மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

தாமத ரிட்டர்னுக்கான கடைசி நாளான டிசம்பர் 31 தாண்டியிருந்தால் தாமத மன்னிப்பு மனு போட்டு, அப்புறம் அதன் நகலையும் இணையுங்கள். புதுப்பிப்பு விண்ணப்பமே போடாதவர்களுக்கு இது பொருந்தாது.