வேலை முடிந்ததும் ரகசியத் தாள்களை என்ன செய்வது? பட்டியலில் தொடங்கி கடைசிக் கடிதம் வரை

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குத் தனியாளாக வரைபட வேலை செய்து கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வேலை முடிந்ததும் மெயில் வருகிறது: "எங்கள் ஆவணங்களைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அழித்துவிட்டு எழுத்தில் உறுதி கொடுங்கள்."

முதன்முறை எனக்கு இப்படி வந்தபோது, "எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். இரண்டு மாதம் கழித்து போன் கேலரியில் அவர்களுடைய விலைப்பட்டியலின் போட்டோ கிடந்தது. நான் கொடுத்த உறுதி பொய்யாகிவிட்டது. அதனால் இப்போதெல்லாம் பட்டியல் முதலில், கடிதம் கடைசியில்.

1. ஒப்பந்தத்தைத் திரும்பப் படியுங்கள்

திருப்புவதா அழிப்பதா என்று முடிவு செய்வது யார், எத்தனை நாள் அவகாசம், நீங்கள் எடுத்த குறிப்புகளும் சேருமா, எதையாவது வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் முடிவு வாடிக்கையாளர் கையில்தான் இருக்கும். பணப் பாக்கியிலோ வேலையிலோ தகராறு இருந்தால் எதையும் அழிக்காதீர்கள். நாளை அதுவே உங்கள் சாட்சியாக இருக்கலாம். முதலில் வக்கீலிடம் கேளுங்கள்.

2. பட்டியல் போடுங்கள்

பெரிய வேலை இதுதான். வந்த தாள்களை எண்ணுவது சுலபம். அவற்றிலிருந்து பிறந்த நகல்கள்தான் ஒளிந்துகொள்ளும். வரைபடம் எண் 7-ஐ எடுத்துக்கொண்டு, அது போன வழியிலேயே நடந்து பாருங்கள். மெயிலில் வந்தது. டவுன்லோடு ஃபோல்டரில் இறங்கியது. பென் டிரைவில் ஏறி ஜெராக்ஸ் கடைக்குப் போனது. அங்கே கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு நகல் தங்கியிருக்கலாம். அச்சான இரண்டு தாளில் ஒன்றின் பின்புறம் உங்கள் கணக்கு. சந்தேகம் கேட்க வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ கேலரியிலும், அங்கிருந்து கிளவுடிலும். ஆக, ஒரு வரைபடத்துக்கு ஏழெட்டு இடம்.

ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதி, பக்கத்தில் "திருப்ப", "அழிக்க", "வைத்துக்கொள்ள" என்று குறியுங்கள். அதை வாடிக்கையாளருக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகு கை வையுங்கள்.

3. திருப்புவது

அவர்கள் கொடுத்த மூலத் தாள்களும் மாதிரிப் பொருள்களும் திரும்பிப் போகட்டும். பட்டியலை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஒன்றில் பெயர், தேதி, கையெழுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வரவேற்பில் கொடுத்துவிட்டு வந்தால் யார் வாங்கினார்கள் என்பதற்குச் சான்று இருக்காது.

4. அழிப்பது

கையால் கிழித்து பழைய பேப்பர்காரரிடம் போடுவது அழிப்பதாகாது. நீள நீளமாக வெட்டும் மலிவு ஷ்ரெடரும் போதாது. பொறுமைசாலி ஒருவர் ஒட்டிவிடுவார். குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் ஷ்ரெடரில் பி-4 தரம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதில் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போகாது. இந்த மாதிரி வேலைக்கு அது போதும்.

கம்ப்யூட்டரில் டெலீட் செய்ததோடு நிற்காமல் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். ஜிமெயிலிலும் கூகுள் டிரைவிலும் நீக்கியவை 30 நாள் வரை குப்பையிலேயே கிடக்கும். ஜெராக்ஸ் கடையில், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே அழிக்கச் சொல்லுங்கள்.

5. வைத்துக்கொள்வது

ஒப்பந்தமும் பில்லும் உங்களிடம் இருந்தாக வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால், அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. தானாக எடுக்கப்படும் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாமல் போகலாம். அதை மறைக்காமல் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

6. கடிதம்

அழித்து முடித்த பிறகுதான் தேதி போட வேண்டும். இப்படி எழுதலாம்:

> ஐயா, தங்கள் நிறுவனத்துடன் செய்துகொண்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின்படி, இணைப்பு 1-இல் உள்ள 14 மூல வரைபடங்களை மார்ச் 3 அன்று நேரில் ஒப்படைத்தேன். ஒப்புகைச் சீட்டின் நகல் இணைப்பு 2. இணைப்பு 3-இல் உள்ள அச்சு நகல்களையும் குறிப்புகளையும் மார்ச் 5 அன்று ஷ்ரெடரில் அழித்தேன். அதில் உள்ள மின்னணு நகல்களைக் குப்பைத்தொட்டி உட்பட நீக்கினேன். ஒப்பந்தமும் பில்களும் என்னிடம் உள்ளன. பேக்கப்பில் உள்ள நகல் ஜூன் 30-க்குள் தானாக அழியும்; அதுவரை அதைத் திறக்கவோ பயன்படுத்தவோ மாட்டேன். நான் தேடிப் பார்த்த வரையில் வேறு நகல் என்னிடம் இல்லை.

"நான் தேடிப் பார்த்த வரையில்" என்பதை விட்டுவிடாதீர்கள். "எந்த நகலும் இல்லை" என்று மொட்டையாக எழுதச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால், எங்கெங்கே தேடினீர்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

பிறகு ஏதாவது தட்டுப்பட்டால்? என் கேலரி போட்டோவுக்குச் செய்ததுதான்: அழித்துவிட்டு, எங்கே கிடைத்தது, என்று அழித்தேன், யாருக்கும் போகவில்லை என்று நான்கு வரியில் துணைக் கடிதம் அனுப்பினேன். "நன்றி, கோப்பில் சேர்த்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது.