வெளிநாட்டுப் பணம் வந்து சேரவில்லையா? கிளையண்டுக்கு எழுதும் அஞ்சலில் தவிர்க்க வேண்டியவை

கோயம்புத்தூரில் இருந்து வேலை செய்யும் ஒரு ஃப்ரீலான்சர், சிகாகோ கிளையண்டுக்கு 2,400 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "12-ஆம் தேதியே வயர் பண்ணிவிட்டோம்" என்று பதில் வந்தது. 18-ஆம் தேதி வரை கணக்கில் ஒன்றுமில்லை. அவர் எழுதிய முதல் வரைவு இது: "பணம் இன்னும் வரவில்லை. தயவுசெய்து சரிபார்த்து ஆதாரம் அனுப்புங்கள்."

மரியாதையில் குறையில்லை, ஆனால் இந்த அஞ்சலால் வேலை நடக்காது. படிப்பவர் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவர். அவர் பார்க்கும் திரையில் "அனுப்பப்பட்டது" என்று இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார். அந்தப் படத்தை உங்கள் வங்கியில் காட்டினால், தேடுவதற்கு அதில் எதுவும் இருக்காது. உத்தரவு கொடுக்கப்பட்டதைத்தான் அது காட்டும், பணம் எங்கே நிற்கிறது என்பதை அல்ல.

கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஸ்விஃப்ட் செய்தியின் நகல், அதாவது பணத்தை அனுப்ப வங்கிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்தி. பல காலமாக MT103 என்றே கேட்டுப் பழகிவிட்டோம். இப்போது வங்கிகள் pacs.008 என்ற புதிய வடிவத்துக்கு மாறிவிட்டதால் இரண்டு பெயரையும் எழுதிவிடுவது நல்லது. இன்னொன்று UETR. அந்த ஒரு பரிமாற்றத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும், கோடுகளையும் சேர்த்து 36 எழுத்துகள் கொண்ட அடையாள எண் அது. பார்க்க இப்படி இருக்கும்:

```
7c1e5a90-3b2d-4f68-9a41-0de8b6c2f573
```

வழியில் எத்தனை வங்கிகள் வந்தாலும் இந்த எண் மாறாது. அமெரிக்க வங்கி ரசீதில் IMAD என்றொரு எண் இருக்கலாம். அது அந்நாட்டுக்குள் நடந்த பகுதிக்கு மட்டும் உதவும். அதை மட்டும் அனுப்பினால் மறுபடி எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.

அஞ்சலை அனுப்பும் முன் சொந்த வங்கியில் விசாரிக்காமல் இருப்பதுதான் என் பார்வையில் பெரிய தவறு. பொதுவாகப் பணம் டாலரில் அல்ல, ரூபாயாக மாறித்தான் கணக்கில் ஏறும். இடைப்பட்ட வங்கியின் கட்டணமும் கழிந்திருக்கலாம். 2,400-க்குச் சமமான தொகையைத் தேடிவிட்டு "வரவில்லை" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. பணம் வங்கிக்கு வந்தும், எதற்கான பணம் என்று சொல்லும் பர்ப்பஸ் கோடு கிடைக்காததால் ஃபாரெக்ஸ் பிரிவில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கவும் கூடும். விசாரித்த பிறகு, விசாரித்ததை அஞ்சலில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் உங்களைச் சந்தேகிக்க இடமிருக்காது.

"வேறு வங்கிக் கணக்கு தருகிறேன், அதற்கு அனுப்புங்கள்" என்று அதே அஞ்சலில் எழுதுவதும் ஆபத்து. மின்னஞ்சலைத் திருடி ஏமாற்றுபவர்கள் எழுதுவது அப்படியேதான். கவனமான அக்கவுண்ட்ஸ்காரர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். "மறுபடி அனுப்புங்கள்" என்பதும் வேண்டாம். முதல் தொகை மெதுவாக வந்து சேர்ந்தால், இரண்டாவதைத் திருப்பி அனுப்பும் தலைவலி உங்களுடையது.

அஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் உள்ளடக்கம் இப்படி இருக்கலாம். பொருள் வரியில் இன்வாய்ஸ் எண், தொகை, தேவையானது:

"INV-0117, 2,400 டாலர்: பரிமாற்ற விவரம் தேவை.

12-ஆம் தேதி அனுப்பியதாகத் தெரிவித்த தொகை 18-ஆம் தேதி காலை வரை என் கணக்கில் சேரவில்லை. என் வங்கியின் ஃபாரெக்ஸ் பிரிவில் கேட்டேன். என் பெயரில் எதுவும் நிலுவையில் இல்லை என்றார்கள். உங்கள் வங்கியிடம் MT103 அல்லது pacs.008 நகலையும் UETR எண்ணையும் வாங்கி அனுப்ப முடியுமா? உங்கள் கணக்கு எண்ணை மறைத்துவிடலாம். என் கணக்கு விவரம் இன்வாய்ஸில் உள்ளதேதான், மாற்றமில்லை. விவரம் தெரியும் வரை மறுபடி அனுப்ப வேண்டாம்."

இதைப் புதிய அஞ்சலாக அனுப்பாமல், அவர் "அனுப்பிவிட்டோம்" என்று எழுதிய அஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். கிளையண்ட் வயருக்குப் பதில் வேறு பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பியிருந்தால் இந்த நகல் அவரிடம் இருக்காது. அந்தச் சேவையின் ரசீதும் பரிவர்த்தனை எண்ணும் கேட்கலாம்.

நகல் வந்ததும் பெறுபவர் பெயர், கணக்கு எண், ஸ்விஃப்ட் கோடு மூன்றையும் இன்வாய்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் பணம் நின்றுபோக வாய்ப்புண்டு. அப்போது திருத்தம் அனுப்ப வேண்டியது கிளையண்டின் வங்கி. எல்லாம் சரியாக இருந்து, UETR உங்கள் வங்கிக்குப் பணம் வந்துவிட்டதாகக் காட்டினால், கிளையண்டுக்கு மேற்கொண்டு எழுத வேண்டாம். இன்வாய்ஸோடும் உங்கள் வேலைக்குரிய பர்ப்பஸ் கோடோடும் (மென்பொருள் ஆலோசனை என்றால் P0802) உங்கள் கிளைக்குப் போங்கள்.