ஜூம் அறிக்கையைக் கொண்டு இணைய வகுப்பின் வருகையைப் பதிவது எப்படி?

ஜூம் தரும் பங்கேற்பாளர் அறிக்கையில் ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் இருந்தார் என்பது எழுதியே வந்துவிடுகிறது. அதை அப்படியே வருகைப் பதிவேட்டில் ஏற்றினால் பெரும்பாலும் பிழையாகிவிடும். காலை 10:00 முதல் 10:45 வரை நடந்த ஒரு வகுப்பில் ஒரு மாணவிக்கு அறிக்கை காட்டிய வரிகளைப் பாருங்கள்: 9:48 முதல் 10:09 வரை, 10:16 முதல் 10:31 வரை, 10:29 முதல் 10:45 வரை. கூட்டினால் 52 நிமிடம் வருகிறது. வகுப்போ 45 நிமிடம்தான். அவர் முன்னதாகவே வந்து காத்திருந்தார், நடுவில் இணைப்பு அறுந்தது, பிறகு கைப்பேசியை விடாமலே மடிக்கணினியிலும் நுழைந்தார். இந்த மூன்றையும் சரிசெய்வதுதான் இங்கே நம் வேலை.

முதலில், கட்டணக் கணக்கு வைத்திருக்கும் ஆசிரியர் ஜூம் வலைத்தளத்தில் `Reports` பகுதிக்குப் போய், தம் கூட்டங்களின் பட்டியலில் `Participants` என்ற நெடுவரிசையிலுள்ள எண்ணைச் சொடுக்க வேண்டும். திறக்கும் சாளரத்தில் `Show unique users` என்ற பெட்டியைத் தேர்வு செய்யாதீர்கள். தேர்ந்தால் தனித்தனி நுழைவுகள் மறைந்து மொத்தம் மட்டுமே கிடைக்கும். பிறகு `Export` கொடுத்தால் கோப்பு இறங்கும்.

அடுத்து, கோப்பை ஏற்றுவதற்கு முன் கூகுள் ஷீட்ஸில் புதிய தாளைத் திறந்து, `File > Settings` வழியாக `Locale` என்பதை `United States` என மாற்றுங்கள். இதைத் தவிர்த்தால் வரும் பிழை கண்ணுக்குத் தெரியாதது. ஜூம் மாதத்தை முதலில் எழுதுவதால், இந்திய அமைப்பில் `07/14/2025` என்பது தேதியாக ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். கீழே வரும் சூத்திரம் எழுத்தைப் பொருட்படுத்தாது என்பதால் எல்லாருக்கும் முழு 45 நிமிடம் விழும். ஒருவர்கூட குறையாத வகுப்பைக் கண்டு மகிழ்வதற்கு முன், நேரங்கள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்படி நின்றால் அவை எழுத்துகள்.

இப்போது A-யில் பெயர், B-யில் நுழைந்த நேரம், C-யில் வெளியேறிய நேரம் என மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, H1-இல் வகுப்பின் தொடக்கத்தையும் H2-இல் முடிவையும் தேதியுடன் எழுதுங்கள். D2-இல் இடும் சூத்திரம் வகுப்பு நேரத்துக்கு வெளியே உள்ளதை வெட்டிவிடும்:

```
=ROUND(MAX(0,MIN(C2,$H$2)-MAX(B2,$H$1))*1440,1)
```

பின்னர் பெயர், நுழைந்த நேரம் என்ற வரிசையில் அடுக்குங்கள். ஒரே மாணவரின் முந்தைய நுழைவு முடியுமுன் அடுத்தது தொடங்கியிருந்தால், அடுத்ததன் தொடக்கத்தை முந்தையதன் முடிவு நேரமாக மாற்றுங்கள். நம் மாணவியின் 10:29 இவ்வாறு 10:31 ஆகும். அவருக்கு 9, 15, 14 என 38 நிமிடம் கிடைக்கும்.

ஒருவர் ஒவ்வொரு நுழைவிலும் ஒவ்வொரு பெயரில் வருவது வழக்கம் என்பதால், பெயருக்கு முன் இரண்டு இலக்க வருகை எண்ணை இடும்படி மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். F-இல் அந்த எண்களை `Plain text` வடிவில் எழுதி, G2-இல் கூட்டுங்கள்:

```
=SUMIF($A:$A,F2&"*",$D:$D)
```

இனி எத்தனை நிமிடம் இருந்தால் 'வந்தவர்' என்பது. ஓர் எண்ணை முதலிலேயே நினைத்துக்கொள்ளாமல், இரண்டு மூன்று வகுப்புகளின் மொத்தங்களை இறங்குவரிசையில் அடுக்கிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக 40 பேரில் 31 பேர் 36 முதல் 45 நிமிடம் வரை, ஐவர் 22 முதல் 27 வரை, மற்ற நால்வர் 10-க்கும் கீழே என்றால், 27-க்கும் 36-க்கும் நடுவே ஆளில்லா இடைவெளி இருக்கிறது. 75 விழுக்காடு என்றால் 34 நிமிடம்; கோடு அந்த இடைவெளியில் விழுகிறது. 80 விழுக்காடு என்றால் கோடு சரியாக 36-இல், மாணவர்களின் தலைமீதே விழும். ஓரிரு நிமிட இணைப்புத் தடங்கலே அவர்களை வராதவர்களாக்கிவிடும். என் தேர்வு 75. H3-இல் நிமிடத்தை நேரடியாக எழுதாமல், விழுக்காட்டிலிருந்து அதைக் கணக்கிடும் சூத்திரத்தை வைப்பது நல்லது. வகுப்பு 10:35-க்கே முடிந்த நாளில் H2-ஐ மாற்றினால் அளவுகோல் தானாக 27 ஆகும்:

```
=ROUNDUP(($H$2-$H$1)*1440*0.75,0)
```

கடைசியாக I2-இல்:

```
=IF(G2>=$H$3,"P","A")
```

முடிவு செய்த விழுக்காட்டை மாணவர்களுக்கு அறிவித்த பிறகு பருவத்தின் நடுவில் மாற்றாதீர்கள். கோட்டுக்கு இரண்டு நிமிடம் கீழே நிற்பவர்களின் நுழைவு வரிகளை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் பதியுங்கள். மூன்று நான்கு முறை அறுந்து இணைந்த மாணவரும், பாதியில் எழுந்து போனவரும் அங்கே ஒரே எண்ணிக்கையோடுதான் நிற்பார்கள்.