கொள்முதல் ஆணை தடுக்கப்பட்டால் முதலில் பழைய ஆணைகளைப் பாருங்கள்

துறையின் நிதி தீர்ந்துவிட்டதாகக் கூறி மென்பொருள் புதிய கொள்முதல் ஆணையைத் தடுத்தால், கூடுதல் ஒதுக்கீடு கேட்கும் முன் நிலுவையில் உள்ள பொறுப்புத் தொகைகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒதுக்கீட்டிலிருந்து நடந்த செலவை மட்டுமல்லாமல், ஆணையிட்டும் இன்னும் பில் வராத இந்தப் பொறுப்புத் தொகையையும் கழித்த பின் எஞ்சுவதையே மென்பொருள் இருப்பாகக் கொள்கிறது.

ஒதுக்கீடு 10,00,000, செலவு 6,00,000, பொறுப்புத் தொகை 3,50,000 என்றால் இருப்பு 50,000 மட்டுமே. ஆகவே 80,000 மதிப்புள்ள ஆணை நின்றுவிடும். ஆனால் அந்தப் பொறுப்புத் தொகைக்குள், 2,00,000 மதிப்பிலான பழைய ஆணை ஒன்றில் 1,60,000க்கு மட்டும் சரக்கும் பில்லும் வந்து, இனி வரவே வராத சரக்குக்கான 40,000 முடங்கிக் கிடக்கலாம். பழைய ஆணையில் அந்த உருப்படியின் விநியோகம் முடிந்ததாகக் குறித்து மூடினால் இருப்பு 90,000 ஆகும். தடுக்கப்பட்ட ஆணையை மீண்டும் சமர்ப்பித்தால் அது கடந்துவிடும்.

மூடும் முன் சரக்கு வரவுப் பதிவை, முடிந்தால் கிடங்கிலேயே கேட்டு, அவசியம் சரிபாருங்கள். சரக்கு வந்து பில் மட்டும் வராத உருப்படியை மூடினால் அந்தத் தொகை வெறும் தோற்றத்தில் விடுபட்டு வேறொரு ஆணைக்குப் போய்விடும். பில் வரும் நாளில் துறை ஒதுக்கீட்டைத் தாண்டி நிற்கும்.