வாடகையைத் திடீரென ஏற்றினால் எங்கே மனு போடுவது?

பழைய வண்ணாரப்பேட்டையில் மாதம் 9,000 ரூபாய் வாடகை. ஒப்பந்தத்தில் 'ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்வு' என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்காரர் அடுத்த மாதத்திலிருந்து 14,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'ரெண்ட் கன்ட்ரோலரிடம் நியாய வாடகை கேட்கலாம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். கட்டட மதிப்பைக் கணக்கிட்டு நியாய வாடகை நிர்ணயித்த அந்த 1960 சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டம்தான். இதில் துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் மனு போட வேண்டும். உயர்வில் தகராறு வந்தால் வாடகையை அவர் நிர்ணயிப்பார். ஒப்பந்தம்தான் உங்கள் பலம். மேலே சொன்ன கணக்குப்படி 9,450 ரூபாய்தான் வருகிறது. மனுவில் அதையே எழுதுங்கள். பதிவான ஒப்பந்தம், வாடகை கட்டிய வங்கிக் கணக்கு விவரம், 14,000 கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்தியின் நகல், மூன்றையும் இணையுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடுவார்கள். இரண்டு மாத பாக்கி, காலி செய்ய வைக்கக் காரணமாகிவிடும். 9,450ஐ மாதாமாதம் அனுப்புங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பி ரசீதை வையுங்கள். அதுவும் திரும்பினால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம்.

எழுத்துப்பூர்வ ஒப்பந்தமே இல்லையென்றால் எச்சரிக்கை. அதையே காரணம் காட்டி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்க முடியும். மனுவுக்கு முன் வக்கீலைப் பாருங்கள்.