கடைக்காரருக்குக் காசு நினைவூட்டும் குரல் பதிவு: எங்கே பிழைக்கிறது

கொடிகாமத்தில் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பைக்கற் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுன்னாகத்தில் ஒரு கடைக்கு யூலை 8ஆம் திகதி சாமான் இறக்கினார். சிட்டை 34,600 ரூபா, 30 நாள் தவணை. இடையில் கடைக்காரர் 10,000 கொடுத்துவிட்டார். தவணை ஓகஸ்ட் 7இல் முடிந்து இப்போது 14ஆம் திகதி. மிச்சம் 24,600 வரவில்லை. வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று போட நினைத்து முதலில் எழுதிப் பார்க்கிறார். இப்படித்தான் பெரும்பாலும் வரும்:

“அண்ணை வணக்கம், எப்பிடி இருக்கிறியள்? வீட்டில எல்லாரும் சுகமோ? நல்லூரில சரியான சனமாம், உங்களுக்கும் நல்ல வியாபாரமாத்தான் இருக்கும். அது வந்து அண்ணை, குறை நினைக்காதேங்கோ, நீங்கள் அந்தக் காசு இன்னும் தரேல்லை. எனக்கும் சரியான கஷ்டமாக் கிடக்கு, மில்காரரும் நெருக்கினம். ஏலுமெண்டா கெதியாப் பாத்துப் போட்டு விடுங்கோ. இல்லாட்டி அடுத்தமுறை சாமான் இறக்கிறது கஷ்டம்.”

கேட்கப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் கேட்டு முடித்ததும் எந்தச் சிட்டை, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற மூன்றில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. பத்துப் பேரிடம் சாமான் எடுப்பவருக்கு “அந்தக் காசு” என்றால் எதுவும் விளங்காது. தேடிப் பார்ப்பதைப் பிறகு வைப்பார். அந்தப் பிறகுதான் இன்னும் இரண்டு கிழமை.

நலம் விசாரிப்பதில் பிழையில்லை. நீளம்தான் பிழை. எங்கள் பக்கத்தில் காசு கேட்கப் போகிறவர் வழமையைவிடக் கூடுதலாக நலம் விசாரிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே மூன்றாவது விசாரிப்பிலேயே கடைக்காரர் உள்ளே சுருங்கிவிடுவார். “உங்களுக்கும் நல்ல வியாபாரமாத்தான் இருக்கும்” என்பது அதைவிட மோசம். சொல்பவருக்கு அது உபசாரம். கேட்பவருக்கோ, காசை வைத்துக்கொண்டு தரவில்லை என்ற குற்றச்சாட்டு. வணக்கம் ஒன்று, யார் கதைக்கிறது என்று ஒரு வரி, அதோடு விஷயத்துக்குப் போய்விட வேண்டும்.

“நீங்கள் இன்னும் தரேல்லை” என்பதில் ஆள் முன்னுக்கு நிற்கிறார். “இருபத்தி நாலாயிரத்து அறுநூறு நிக்குது” என்றால் கணக்கு முன்னுக்கு நிற்கிறது. சொல்வது ஒன்றுதான், ஆனால் இரண்டாவதுக்கு அவர் கோபப்பட இடமில்லை. தந்த பத்தாயிரத்தைச் சொல்லாமல் விடுவது இன்னொரு பிழை. ஒரு பங்கு தந்தவரை முழுக்கடனாளி போலக் கேட்டால் அவருக்கு அதுதான் முதலில் உறுத்தும். மிச்சத்தைவிட அந்த வழக்கைத்தான் பிறகு கதைக்க வேண்டி வரும்.

மில்காரர் நெருக்குவது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதை வெட்டிவிடுங்கள். உங்கள் கஷ்டத்தைச் சொன்னால் அவர் தன் கஷ்டத்தைச் சொல்லுவார். தவணை முடிந்தது என்பதே போதுமான காரணம். சாமான் இறக்கமாட்டேன் என்ற பேச்சும் முதல் நினைவூட்டலுக்கு உரியதல்ல. கடைசி வரியில் மிரட்டல் இருந்தால் முதல் வரியில் இருந்த வணக்கமும் பொய்யாகிவிடும்.

திகதியில் எங்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கல் உண்டு. யூலையை ஆடி என்று சொல்வது இங்கே பழக்கம். ஆனால் பஞ்சாங்கப்படி ஆடி பிறப்பது யூலை நடுப்பகுதியில். “ஆடி எட்டு” என்று பதிவில் சொன்னால் பஞ்சாங்கம் பார்க்கிற ஒரு பெரியவர் அதை யூலை 24 அளவில் வைத்துக் கணக்குப் பார்ப்பார். அவர் கணக்கில் தவணை இன்னும் முடியவேயில்லை. “ஏழாம் மாசம் எட்டாம் திகதி” என்று சொன்னால் இந்தக் குழப்பம் வராது.

“ஏலுமெண்டா கெதியா” என்பதுதான் பதிவையே வீணாக்கும் சொல். கிழமையைச் சொல்லுங்கள், அதையும் கேள்வியாக்குங்கள். “போட்டு விடுங்கோ” என்றால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். “புதன்கிழமைக்குள்ள போட்டு விடுவியளோ?” என்றால் ஓம் அல்லது இல்லை என்று ஒரு மறுமொழி சொல்லியாக வேண்டும். ஆனால் இரண்டு தரமாகத் தரலாம் என்று நீங்களாகவே இந்தப் பதிவில் சொல்லாதீர்கள். சொன்னால் முழுவதையும் தர இருந்தவரும் பாதியைத்தான் போடுவார். அவர் கேட்டால் அப்போது கதைக்கலாம்.

காசு நிற்பதற்குப் பல தடவை காரணம், கடைக்காரர் திருப்பித் தந்த உடைந்த பைக்கற்றோ வண்டு விழுந்த மாவோ சிட்டையில் கழிக்கப்படாமல் இருப்பதுதான். அவர் அதைச் சொல்லமாட்டார், காசைத்தான் பிடித்து வைப்பார். அதை நீங்களே கேட்டுவிட்டால் உண்மையான தடங்கல் வெளியே வரும். மறந்துபோனவருக்கும் முகம் கோணாமல் மறுமொழி சொல்ல ஒரு வழி கிடைக்கும். திருத்திய பின் எழுத்து இப்படி நிற்கும்:

“அண்ணை வணக்கம், கொடிகாமம் மிளகாய்த்தூள் தம்பி கதைக்கிறன். ஏழாம் மாசம் எட்டாம் திகதி இறக்கின சாமான், சிட்டை நம்பர் நூற்றிப் பன்னிரண்டு. முப்பத்தி நாலாயிரத்து அறுநூறில நீங்கள் தந்த பத்தாயிரம் போக, இருபத்தி நாலாயிரத்து அறுநூறு நிக்குது. முப்பது நாள் தவணை போன கிழமையோட முடிஞ்சுது. வாற புதன்கிழமை பின்னேரத்துக்குள்ள போட்டு விடுவியளோ அண்ணை? திருப்பின பைக்கற் ஏதும் கழிக்கக் கிடந்தாச் சொல்லுங்கோ, கழிச்சு விடுறன். சிட்டைப் படமும் எக்கவுண்ட் நம்பரும் கீழ அனுப்புறன்.”

ஆறுதலாகச் சொன்னாலும் அரை நிமிடம் அளவுதான். பதிவின் நீளம் கேட்க முன்பே திரையில் தெரியும். இரண்டு நிமிடம் என்று கண்டால் கடையில் நிற்பவர் பிறகு கேட்போம் என்று விட்டுவிடுவார். எக்கவுண்ட் நம்பரைக் குரலில் சொல்லவே வேண்டாம். ஒரு இலக்கம் மாறிக் கேட்டால் காசு வேறெங்காவது போகும். அது எழுத்தில்தான் போக வேண்டும், அவர் அப்படியே பிரதிபண்ணிப் போடுவார்.

இன்னொன்று, குரல் பதிவைக் காதில் வைக்காமல் அழுத்தினால் வெளிச்சத்தமாகப் பாடும். மேசைக்கு முன்னால் நாலு சனம் நிற்கையில் அவருடைய கடன் தொகை கேட்டால் அந்த வெட்கத்தை அவர் மறக்கமாட்டார். ஆகவே பதிவுக்கு முதல் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: “அண்ணை, கணக்கு விஷயம், ஆறுதலா இருக்கேக்க கேளுங்கோ.” நேரமும் பார்க்க வேண்டும். காலமை முதல் வியாபாரம் நடக்க முன்னும், விளக்கு வைத்த பிறகும், வெள்ளிக்கிழமையும் காசு கொடுக்க விரும்பாத கடைக்காரர் இங்கே பலர். வேறொரு நாளில் மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு, கடை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம் நல்லது.

பதியும்போது எழுதியதை வரிக்குவரி வாசித்தால் அறிவித்தல் மாதிரி இருக்கும். இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, தொகையையும் கிழமையையும் மட்டும் தாளில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தொகைக்கு முன்னால் ஒரு மூச்சு விடுங்கள். மைக் அடையாளத்தை மேலே தள்ளிப் பூட்டினால் பதிவை நிறுத்தி, அனுப்ப முன்னர் கேட்டுப் பார்க்கலாம். அனுப்பிய பின் அழித்தால் அழித்த தடம் அவருக்குத் தெரியும்.

நீலச் சரி காட்டாமல் மூடி வைத்திருப்பவர் என்றாலும், உங்கள் பதிவைக் கேட்டதும் அதிலுள்ள மைக் நீலமாக மாறும். மாறியிருந்தால் இரண்டாவது பதிவு போடாதீர்கள், புதன் மட்டும் பொறுங்கள். வராவிட்டால் வியாழன் மத்தியானம் போன் எடுத்து, அதே சிட்டை நம்பரிலிருந்து கதையைத் தொடங்கலாம்.