பைக்கிலிருந்து காருக்கு மாறும்போது கணக்குத் தப்பும் இடங்கள்

கார் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்ததுமே பெரும்பாலும் எந்தக் கார், மாதத் தவணை எவ்வளவு என்றுதான் பேசுகிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாலு பேரும் சேர்ந்து மாதத்தில் எத்தனை நாள் வெளியே போகிறோம்?

கார் வந்துவிட்டால் பைக்குக்கு வேலை இருக்காது என்று நினைப்பதுதான் முதல் தவறு. சின்ன ஊரில் பள்ளிக்கூடம், கடைவீதி, வேலை எல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கடைவீதியில் காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் பைக்கில் போய் வந்துவிடலாம். அதனால் பைக் கட்டாயம் வீட்டில் இருக்கும், அதன் செலவும் இருக்கும். காரின் செலவு அதற்கு மேல் வருவது.

அருப்புக்கோட்டையில் இருக்கும் என் அக்கா குடும்பம் போட்ட கணக்கைச் சொல்கிறேன். ஷோரூம் விலை 4.6 லட்சம் என்றதும் மாமா அதை வைத்தே பட்ஜெட் போட்டுவிட்டார். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்குள் உள்ள புதுக் காருக்கு வாழ்நாள் வரியே 12 சதவீதம், அதாவது இங்கே 55,000 ரூபாய். இன்சூரன்ஸ், பதிவு, சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்ததும் 5.5 லட்சத்தில் வந்து நின்றது. எப்போதும் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள்.

கையிலிருந்து 1.5 லட்சம், கடன் 4 லட்சம். 9.5 சதவீத வட்டியில் 5 வருடத்துக்குத் தவணை சுமார் 8,400 ரூபாய். 7 வருடம் என்றால் 6,540 ரூபாய்தான் என்று காட்டினார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் மொத்த வட்டி 1.04 லட்சத்திலிருந்து 1.49 லட்சமாக ஏறிவிடுகிறது. 5 வருடத் தவணை கட்ட முடியாத கார் நம் வரவுக்குப் பெரியது என்பது என் கருத்து.

தவணையை மட்டும் பார்த்தாலும் உண்மைச் செலவு தெரியாது. 5 வருடம் கழித்து அந்தக் கார் 3 லட்சத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். விலை இறங்குவதில் மட்டும் மாதம் 4,200 ரூபாய் போகிறது. வட்டி மாதத்துக்கு 1,700, இன்சூரன்ஸும் சர்வீஸும் 2,100. ஆக, வண்டியை வாசலை விட்டு எடுக்காவிட்டாலும் மாதம் 8,000 ரூபாய்.

அவர்கள் முக்கியமாகப் போவது மதுரைக்கு, போக வர 100 கிலோமீட்டர். வாடகைக் காருக்கு 2,200 ரூபாய் கேட்டார்கள். சொந்தக் காரில் பெட்ரோல் 550 ரூபாய். ஒரு பயணத்துக்கு மிச்சம் 1,650. அந்த 8,000 ரூபாயை ஈடுகட்ட மாதம் ஐந்து தடவையாவது போக வேண்டும்.

சரி, உண்மையில் எத்தனை தடவை போகிறார்கள்? அக்கா சமையலறைக் காலண்டரில் மூன்று மாதம் குறித்துவந்தாள். நாலு பேரும் போன நாளுக்குச் சிவப்பு வட்டம். மழையாலோ குழந்தைக்குக் காய்ச்சல் என்றோ போக முடியாமல் விட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. வட்டம் ஆறு, பெருக்கல் மூன்று. மாதத்துக்கு மூன்றுதான் வருகிறது.

அந்தப் பெருக்கல் குறிகளை விட்டுவிடாதீர்கள். கார் இருந்திருந்தால் அவையும் பயணங்கள்தான். இன்னொன்றும் அந்தக் காலண்டரில் தெரிந்தது. ஆறு வட்டத்தில் இரண்டு, நாலு பேரும் ஒரே பைக்கில் நெடுஞ்சாலையில் போனவை. சிறியவன் பெட்ரோல் டேங்க் மேல், பெரியவள் நடுவில். பைக்கில் ஓட்டுபவரோடு ஒருவர்தான் போகலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும் சாலையில் குழந்தைகளுக்குப் பிடித்துக்கொள்ளக்கூட எதுவும் இல்லை. பணம் மிச்சம் என்று இந்தப் பயணங்களைப் பைக்கிலேயே தொடர்வது எல்லாத் தவறையும் விடப் பெரியது. கார் வாங்குகிறோமோ இல்லையோ, அவை அன்றே நிற்க வேண்டும். பஸ்ஸோ வாடகைக் காரோ, அந்தச் செலவையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் மூன்று பயணத்துக்குப் புதுக் கார் கட்டுப்படியாகாது. ஆனால் நாலு வருடம் ஓடிய காரை 3 லட்சத்துக்குக் கடன் இல்லாமல் வாங்கினால், விலை இறக்கம், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் சேர்த்து மாதம் 5,000 ரூபாய்க்குள் அடங்கும். அதற்கு மூன்று பயணம் போதும். அக்கா வீட்டில் இப்போது அந்தத் தொகையைச் சேர்க்கிறார்கள், அதுவரை மதுரைக்கு வாடகைக் கார். பழைய கார் வாங்கும்போது சர்வீஸ் பதிவுகளைப் பாருங்கள், பின் சீட் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டிப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதோடு நின்றுவிடாமல், இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள்.